கூட்டுறவுக் கழக வெப்சைட்ல எல்லார் பாஸ்வர்டும் அப்படியே படிக்கிற மாதிரி இருக்கு. மாத்தணுமா?

சிப்புட் தினேஷ்

வணக்கம். எங்க ஊர் சுங்கை சிப்புட். இங்க ஒரு கூட்டுறவுக் கழகத்தோட வெப்சைட் இப்ப என் தலையில விழுந்திருக்கு. செஞ்சு கொடுத்தவர் வேலை மாறிப் போயிட்டார். 640 உறுப்பினர், பாதிப் பேர் தோட்டத்துல பால்மரம் வெட்டி ரிட்டையர் ஆனவங்க. லாகின் பண்ணினா பங்குத்தொகை, டிவிடெண்ட், கடன் பாக்கி பார்க்கலாம், அவ்வளவுதான்.

டேட்டாபேஸைத் திறந்தா `users` டேபிள்ல `ic_no`, `name`, `phone`, அதுக்குப் பக்கத்துல `password`. எல்லாம் வெட்டவெளிச்சமா இருக்கு. பேரன் பேர், கார் நம்பர், எல்லாமே படிக்கலாம். இதைத் திருப்பிப் படிக்கவே முடியாத ஹேஷ் ஆக்கிடலாம்னு செயலாளர்கிட்ட சொன்னேன். அவர் ஒரேயடியா வேணாம்னுட்டார். அங்கிள்மாருங்க வாரத்துக்கு நாலு பேராவது பாஸ்வர்ட் மறந்துட்டு ஆபிஸுக்கு போன் அடிக்கிறாங்க, கிராணி டேபிளைப் பார்த்துப் படிச்சுச் சொல்றாங்க. ஹேஷ் ஆக்கிட்டா யார் படிச்சுச் சொல்றதுன்னு கேக்கிறார்.

ஹோஸ்டிங்குக்குத் தனி பாஸ்வர்ட் இருக்கு, சைட்டும் https தான். அப்ப இது உண்மையிலேயே தேவையா? தேவைன்னா செயலாளருக்கு என்ன பதில் சொல்றது?

கோட் மச்சான்

ரொம்ப ஈஸி ப்ரோ. ஹேஷ் வேணாம், சாவி வெச்சுத் திருப்பிப் படிக்கிற மாதிரி என்கிரிப்ட் பண்ணு. ஏஇஎஸ் போட்டுட்டா டேபிளைத் திருடினாலும் ஒண்ணும் படிக்க முடியாது. கிராணிக்கு மட்டும் டீகிரிப்ட் பட்டன் ஒண்ணு வெச்சுக் கொடு. செயலாளரும் ஹேப்பி, நீயும் ஹேப்பி.

பட்டர்வொர்த் சேகர்

மச்சான் சொல்றதுல பாதி சரி. வெறும் டேபிள் மட்டும் வெளியே போனா என்கிரிப்ஷன் கொஞ்சம் தாங்கும். ஆனா சின்ன ஹோஸ்டிங்ல அந்தச் சாவி எங்க இருக்கும்? அதே சர்வர்ல `config.php`-ல. டேபிளை எடுக்க முடிஞ்சவனுக்கு அந்த ஃபைலைப் படிக்கிறது பெரிய வேலையில்லை.

சாவி கிடைக்காமலேயே மாட்டிக்கிட்ட கதையும் உண்டு. 2013ல அடோபி நிறுவனத்தோட பயனர் டேபிள் வெளியே போச்சு. அவங்க ஹேஷ் பண்ணலை, என்கிரிப்ட் பண்ணியிருந்தாங்க. எல்லாருக்கும் ஒரே சாவி, அதனால ஒரே பாஸ்வர்ட் வெச்ச எல்லார் வரிசையிலும் ஒரே எழுத்துக்கூட்டம். பக்கத்துலயே அவங்கவங்க எழுதி வெச்ச ஞாபகக் குறிப்பு, அது மறைக்கப்படவே இல்லை. நூறு பேருக்கு ஒரே எழுத்துக்கூட்டம், அதுல ஒருத்தர் குறிப்புல "ஒண்ணுலேர்ந்து ஆறு வரைக்கும்"னு எழுதியிருந்தா, நூறு பேரோடதும் போச்சு. குறுக்கெழுத்துப் போட்டி மாதிரி ஜனங்க உட்கார்ந்து கண்டுபிடிச்சாங்க.

தினேஷ், நீங்க கேட்ட ஹோஸ்டிங் பாஸ்வர்டுக்கு வர்றேன். ஹோஸ்டிங் கதவை உடைச்சுத்தான் டேபிள் வெளியே போகணும்னு இல்லை. பழைய ஆள் `public_html` உள்ளே `backup.sql`னு ஒரு காப்பி விட்டுட்டுப் போயிருப்பார். ஏதோ ஒரு தேடல் பெட்டியில எஸ்கியூஎல் ஓட்டை இருக்கும். கிராணியோட கம்ப்யூட்டர்ல எக்செல் காப்பி இருக்கும். சில சமயம் திருடனே வேண்டாம். 1960கள்ல எம்ஐடியில பலர் ஒரே கம்ப்யூட்டரைப் பகிர்ந்துக்கிட்ட சிடிஎஸ்எஸ்னு ஒரு சிஸ்டம் இருந்தது. ஒரு நிர்வாகி பாஸ்வர்ட் ஃபைலைத் திருத்திக்கிட்டிருந்தார், இன்னொருத்தர் அன்றைய அறிவிப்பைத் திருத்திக்கிட்டிருந்தார். எடிட்டர் ரெண்டு பேரோட தற்காலிக ஃபைலையும் மாத்திப் போட்டுடுச்சு. அதுக்கப்புறம் லாகின் பண்ணின ஒவ்வொருத்தர் டெர்மினல்லயும் அறிவிப்புக்குப் பதிலா எல்லாரோட பாஸ்வர்டும் வந்து விழுந்துச்சு.

செயலாளருக்கு இப்படிச் சொல்லுங்க: அங்கிளுக்கு வேண்டியது உள்ளே போறது, பழைய பாஸ்வர்ட் இல்லை. கிராணி புதுசா ஒரு தற்காலிகப் பாஸ்வர்ட் போட்டுக் கொடுத்தா போதும், பழசைப் படிக்கவே வேண்டாம். அதோட, அங்கிள் அதே பாஸ்வர்டைத்தான் ஈமெயிலுக்கும் வெச்சிருப்பார். கழகத்துல கடன் பாக்கி வெளியே தெரிஞ்சா வெட்கம், அவ்வளவுதான். ஈமெயில் போனா அதை வெச்சு மத்த எல்லாத்தையும் ரீசெட் பண்ணிடலாம். நீங்க காப்பாத்தப் போறது உங்க சைட்டை மட்டும் இல்லை.

கிராணி ராஜு

தம்பி சேகர், நான் தோட்டத்துல 30 வருஷம் கிராணியா இருந்தவன், கம்ப்யூட்டர் அவ்வளவாத் தெரியாது. எனக்குப் புரிஞ்சதைச் சொல்றேன். பால்ல ஆசிட் ஊத்தி, உறைய வெச்சு, மெஷின்ல விட்டு ஷீட் ஆக்கிட்டா அது மறுபடி பால் ஆகாது. ஹேஷ்ங்கிறது அதுதானே? அப்படின்னா லாகின் பண்றப்போ கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும், நான் சரியான பாஸ்வர்ட்தான் அடிச்சேன்னு?

பட்டர்வொர்த் சேகர்

ஐயா, சரியாப் பிடிச்சீங்க. நீங்க இப்ப அடிச்சதையும் அதே மாதிரி ஷீட் போட்டுப் பார்க்கும். ரெண்டு ஷீட்டும் ஒண்ணா இருந்தா உள்ளே விடும். உங்க பாஸ்வர்ட் என்னன்னு அதுக்குத் தெரிய வேண்டியதே இல்லை.

ஆனா இதுல ஒரு சிக்கல். ஒரே பால் எப்பவும் ஒரே ஷீட்தான் ஆகும்னா, `123456` வெச்ச அம்பது பேருக்கும் டேபிள்ல ஒரே ஹேஷ் இருக்கும். திருடன் ஒரு தடவை கணக்குப் போட்டா அம்பது பேரும் சிக்குவாங்க. அதைவிட மோசம், லட்சக்கணக்கான சாதாரணப் பாஸ்வர்டுகளுக்கு முன்கூட்டியே ஹேஷ் போட்டு வெச்ச பட்டியலே உலகத்துல சுத்துது. அவன் கணக்குக்கூடப் போட வேண்டாம், தேடினாப் போதும். 2012ல லிங்க்ட்இன்ல இருந்து வெளியே வந்த ஹேஷ்கள் ஷா-1, உப்பு இல்லாதவை. 65 லட்சம் ஹேஷ் வெளியே வந்த சில நாள்லயே பெரும்பகுதி உடைஞ்சுது.

உப்புங்கிறது ஒவ்வொரு உறுப்பினருக்கும் தனித்தனியா, சிஸ்டமே குருட்டாம்போக்கில் எடுக்கிற சில எழுத்துகள். அதைப் பாஸ்வர்டோட கலந்துதான் ஹேஷ் போடும். ராஜு ஐயாவும் தினேஷும் ஒரே பாஸ்வர்ட் வெச்சாலும் டேபிள்ல ரெண்டும் வேற வேற மாதிரித் தெரியும். உப்பு ரகசியம் இல்லை, ஹேஷ் பக்கத்துலயே, அதே கட்டத்துக்குள்ளேயே இருக்கும். அதோட வேலை ஒண்ணுதான்: திருடன் ஒவ்வொரு ஆளுக்கும் முதல்லேர்ந்து தனியா உழைக்கணும். யூனிக்ஸ்ல 1970கள்லயே இதைச் செஞ்சுட்டாங்க, புதுசு ஒண்ணும் இல்லை.

சரசு டீச்சர்

எனக்கு இப்ப பயமா இருக்கு. நான் எல்லா பாஸ்வர்டையும் ஒரு நோட்டுப் புத்தகத்துல எழுதி பீரோவுல வெச்சிருக்கேன். அதையும் உப்புப் போட்டு எழுதணுமா? எப்படி எழுதுறது?

பட்டர்வொர்த் சேகர்

வேண்டாம் டீச்சர் 😄 உங்க நோட்டு உங்க பீரோவுல பத்திரமா இருக்கட்டும். உங்க வீட்டுக்குள்ள வந்தவன்தான் அதைப் பார்க்க முடியும், அதுவும் உங்க ஒருத்தரோடதைத்தான். நாங்க பேசறது சைட் வெச்சிருக்கிறவங்க 640 பேரோடதையும் ஒரே இடத்துல எழுதி வெச்சிருக்கிறதைப் பத்தி. ஒண்ணு மட்டும் கவனிங்க. ஏதாவது ஒரு சைட்ல பாஸ்வர்ட் மறந்துட்டேன்னு அழுத்தி, அவங்க உங்க பழைய பாஸ்வர்டையே ஈமெயில்ல அனுப்பி வெச்சா, அவங்களும் தினேஷோட டேபிள் மாதிரிதான் வெச்சிருக்காங்கன்னு அர்த்தம். அங்க வெச்ச பாஸ்வர்டை வேற எங்கேயும் வைக்காதீங்க.

கோட் மச்சான்

ஓகே, என்கிரிப்ஷன் வேணாம், ஒத்துக்கிறேன். நான் என் ப்ராஜெக்ட்ல `hash('sha256', $salt.$pw)`னு போடறேன். உப்பும் இருக்கு, ஷா-256ஐ இதுவரைக்கும் யாரும் உடைக்கலை. போதும்தானே?

பட்டர்வொர்த் சேகர்

ஷா-256ஐத் திருப்ப முடியாதுங்கிறது சரி. திருடன் திருப்ப மாட்டான், ஊகிச்சுப் பார்ப்பான். ஷா-256 ரொம்ப வேகமாக ஓடணும்னு செஞ்சது, ஃபைல் மாறலையான்னு பார்க்கிறதுக்கு. ஒரு நல்ல கேமிங் கிராஃபிக்ஸ் கார்ட் நொடிக்குப் பில்லியன் கணக்குல ஊகிக்கும். பாஸ்வர்டுக்கு வேண்டியது வேணும்னே மெதுவா ஓடுற ஒண்ணு. பிஎச்பியில `password_hash()` அதைத்தான் செய்யுது, உள்ளே பிகிரிப்ட். உப்பையும் அதுவே எடுத்துக்கும், நீங்க எதுவும் கலக்க வேண்டாம். லாகின் பண்ற அங்கிளுக்கு ஒரு நொடியில சின்னத் துண்டுதான் தாமதம், தெரியவே தெரியாது. திருடனுக்கு அதே கார்ட்ல நொடிக்குச் சில ஆயிரம் ஊகம்தான் கிடைக்கும்.

தினேஷ், ஆரம்பத்துல அந்த அங்கிள்மாருக்கு யார், என்ன பாஸ்வர்ட் போட்டுக் கொடுத்தாங்க?

சிப்புட் தினேஷ்

ஐசி நம்பர் அண்ணே. கோடு இல்லாம 12 எண்ணும். நிறைய பேர் மாத்தவே இல்லை.

பட்டர்வொர்த் சேகர்

இப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன். அப்ப கணக்கையே போட்டுப் பார்ப்போம்.

ஐசியில முதல் ஆறு எண் பிறந்த தேதி. 80 வருஷத்துக்கு எடுத்தா ஏறக்குறைய 29,200 நாள். அடுத்த ரெண்டு எண் மாநிலம், உங்க ஆளுங்க பெரும்பாலும் பேராக், 08. கடைசி நாலு எண் 10,000 விதம். மொத்தம் 292 மில்லியன் சாத்தியம், அவ்வளவுதான். 12 எண் நீளமாத் தெரியுதே தவிர உள்ளே ஒண்ணும் இல்லை.

மச்சானோட உப்புப் போட்ட ஷா-256ல இது ஓர் உறுப்பினருக்கு ஒரு நொடிகூட ஆகாது. 640 பேரும் சில நிமிஷத்துல முடிஞ்சுது. பிகிரிப்ட்ல நொடிக்கு 5,000 ஊகம்னு வெச்சுக்குங்க. ஓர் ஆளுக்கு 58,000 நொடி, அதாவது 16 மணி நேரம். ஒவ்வொருத்தருக்கும் உப்பு வேறங்கிறதால மறுபடி மறுபடி முதல்லேர்ந்து செய்யணும், 640 பேருக்கு ஒரு வருஷத்துக்கு மேல. இதுதான் உப்பும் மெதுவும் சேர்ந்து வாங்கிக் கொடுக்கிற நேரம்.

ஆனா இந்தக் கணக்கு உங்க டேபிளுக்குப் பொருந்தாது. ஏன்னா நீங்க முதல் பதிவுலயே எழுதியிருக்கீங்க, `ic_no` அதே வரிசையில பக்கத்துலயே இருக்கு! திருடன் 292 மில்லியன் ஊகிக்க வேண்டாம், ஒண்ணு போதும். எவ்வளவு மெதுவான ஹேஷ் போட்டாலும் அந்த ஆளுங்களுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. ஹேஷ் ஆக்குறதுக்கு முன்னாடி இதை ஓட்டிப் பாருங்க:

```sql
SELECT COUNT(*) FROM users
WHERE password = REPLACE(ic_no, '-', '');
```

சிப்புட் தினேஷ்

417. தலை சுத்துது அண்ணே.

பட்டர்வொர்த் சேகர்

அந்த 417 பேருக்கும் `must_change`னு ஒரு கட்டம் சேர்த்து 1 போட்டுடுங்க. இனி ஐசியை வெச்சு உள்ளே வந்தா எதையும் காட்டாம புதுப் பாஸ்வர்ட் கேட்கணும். ஐசி தெரிஞ்ச வேற ஒருத்தன் முந்திக்கிட்டு மாத்தற ஆபத்தும் இருக்கு, அதனால ஒரு தேதிக்கு மேல அந்த வழியை மூடிட்டு கவுண்டருக்கு வரச் சொல்லுங்க.

மத்தபடி உங்க நிலைமை ஒரு விதத்துல சுலபம். பாஸ்வர்ட் எல்லாம் கையில இருக்கிறதால ஒரே தடவையில எல்லாருக்கும் ஹேஷ் போட்டுடலாம், ஒவ்வொருத்தரும் லாகின் பண்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். புதுசா `password_hash VARCHAR(255)` கட்டம் சேர்த்து:

```php
$upd = $db->prepare('UPDATE users SET password_hash=? WHERE id=?');
$rows = $db->query('SELECT id, password FROM users')->fetchAll();
foreach ($rows as $r) {
    $h = password_hash($r['password'], PASSWORD_DEFAULT);
    $upd->execute([$h, $r['id']]);
}
```

பிரவுசர்ல ஓட்டாதீங்க, நேரம் முடிஞ்சு நடுவுல நின்னுடும். கமாண்ட் லைன்ல ஓட்டுங்க. லாகின் பக்கத்துல `WHERE password = ?`ங்கிறதைத் தூக்கிட்டு, ஐசியை வெச்சு வரிசையை எடுத்து இப்படிப் பாருங்க:

```php
$ok = $u && password_verify($pw, $u['password_hash']);
```

பிடோர் மலர்

255ஐ நல்லா கவனிங்க தினேஷ். நான் கணக்கு எழுதற டியூஷன் சென்டர்ல காசு கொடுத்து ஒருத்தர்கிட்ட இதே வேலையைச் செய்ய விட்டாங்க. அவர் பழைய `VARCHAR(50)` கட்டத்துலயே ஹேஷைப் போட்டுட்டார். அந்த ஹோஸ்டிங்ல இருந்த மைஎஸ்கியூஎல் எர்ரர் காட்டாம கடைசிப் பத்து எழுத்தை வெட்டிட்டு மிச்சத்தை மட்டும் வெச்சுக்கிச்சு. திங்கட்கிழமை காலையில ஒரு பெற்றோராலயும் உள்ளே போக முடியலை. பழைய பாஸ்வர்டையும் அழிச்சுட்டார். எல்லாருக்கும் வாட்ஸ்அப் போட்டுப் புதுசு கொடுத்து முடிக்க அந்த வாரமே போச்சு.

பட்டர்வொர்த் சேகர்

மலர் சொல்றது அடிக்கடி நடக்கிறதுதான். பிகிரிப்ட் ஹேஷ் எப்பவும் 60 எழுத்து. `$2y$`ல ஆரம்பிக்கும், அடுத்த ரெண்டு எண் எவ்வளவு மெதுவுன்னு சொல்லும், அதுக்கப்புறம் 22 எழுத்து உப்பு, மிச்சம் 31 ஹேஷ். ஸ்கிரிப்ட் ஓடினதும் `SELECT MIN(LENGTH(password_hash)) FROM users` போடுங்க. 60க்குக் கீழ வந்தா பழைய கட்டத்தைத் தொடாதீங்க. 60 வந்ததும் உங்க சொந்தக் கணக்குல ஒரு தடவை லாகின் பண்ணிப் பார்த்துட்டு மேல போங்க.

சிப்புட் தினேஷ்

நேத்து ராத்திரி மாத்திட்டேன். நீளம் 60, என் லாகின் வேலை செய்யுது. ஆனா காலையிலேர்ந்து போன். ஐசியை வெச்சிருந்தவங்க இல்லை, சொந்தமாப் பேர் வெச்சவங்க. "நேத்து வரைக்கும் இதே பாஸ்வர்ட்தான் தம்பி, இன்னைக்குத் தப்புங்குது"ன்னு சண்டை. பழைய கட்டத்தைப் பார்த்தேன், அவங்க சொல்ற அதே சொல்தான் இருக்கு. ஹேஷ் தப்பாப் போயிருக்குமா?

பட்டர்வொர்த் சேகர்

ஹேஷ் சரி. பழைய லாகின்தான் இவ்வளவு நாளும் கண்ணை மூடிக்கிட்டு விட்டிருக்கு. உங்க டேபிள் `utf8_general_ci`தானே? அதுல `Letchumi`யும் `letchumi`யும் ஒண்ணு. கடைசியில ஓர் இடைவெளி இருந்தாலும் ஒண்ணு. ஹேண்ட்போன் கீபோர்ட் முதல் எழுத்தைத் தானா பெருசாக்கும், சொல்லைத் தேர்ந்தெடுத்தா பின்னாடி ஓர் இடைவெளியும் போடும். எஸ்கியூஎல் ஒப்பிட்டப்போ அது தெரியலை. `password_verify`க்கு ஒவ்வோர் எழுத்தும் சரியா இருக்கணும்.

கோட் மச்சான்

அப்ப ஹேஷ் போடறப்பவும் லாகின்லயும் `strtolower(trim($pw))` போட்டா முடிஞ்சுதே?

பட்டர்வொர்த் சேகர்

நான் செய்ய மாட்டேன். பெரிய எழுத்து, சின்ன எழுத்து கலந்து வெச்சவங்களோட உழைப்பை வீணாக்குது அது. முன்பின் இடைவெளியை மட்டும் எடுக்கிறது பரவாயில்லை, ஆனா ரெண்டு இடத்துலயும் ஒரே மாதிரி எடுக்கணும்.

பிடோர் மலர்

சேகர் அண்ணே, 70 வயசு அங்கிளுக்குப் பெரிய எழுத்து எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியாது. தோத்தா முதல் எழுத்தை மட்டும் சின்னதாக்கி இன்னொரு தடவை ஒப்பிட்டுப் பார்க்கலாமே. ஹேஷை மாத்த வேண்டாம், திருடனுக்கும் பெருசா லாபம் இல்லை. ஜனங்க உள்ளே போக முடியலைன்னா செயலாளர் அடுத்த மீட்டிங்ல பழைய முறைக்கே திரும்பிடலாம்னு சொல்வார்.

பட்டர்வொர்த் சேகர்

அது மச்சான் சொன்னதைவிட நல்லா இருக்கு. எனக்கு இன்னும் மனசு ஒப்பலை, ஆனா ஆபத்துன்னு சொல்ல மாட்டேன். தினேஷ் முடிவு பண்ணட்டும்.

கிராணி ராஜு

தம்பி தினேஷ், ஒண்ணு கேக்கிறேன். போன்ல ஒருத்தன் கூப்பிட்டு நான்தான் முனியாண்டி, பாஸ்வர்ட் மறந்துட்டேன்னு சொன்னா, கிராணி புதுசு போட்டுக் கொடுப்பாங்களா? அவன் முனியாண்டிதான்னு எப்படித் தெரியும்? அந்தக் காலத்துல செக்ரோல்ல பேர் இருந்தாலும் ஆளைப் பார்த்துட்டுத்தான் சம்பளம் கொடுப்போம்.

சிப்புட் தினேஷ்

ஐயா, அதைத்தான் இன்னைக்கு முழுக்கப் பேசிக்கிட்டிருந்தோம். டவுன்ல இருக்கிறவங்க ஐசியோட கவுண்டருக்கு வரணும்னு செயலாளர் ஒத்துக்கிட்டார். வெளியூர்ல இருக்கிறவங்களுக்கு, பதிஞ்சு வெச்ச நம்பருக்கு நாங்களே திருப்பி அடிச்சு, ஒரே தடவை வேலை செய்ற கோட் கொடுக்கலாம்னு நினைக்கிறேன். ஆனா பாதிப் பேரோட நம்பர் இப்ப பேரன் கையில இருக்கு. அதுக்கு யார்கிட்டயாவது வழி இருந்தா சொல்லுங்க.

பட்டர்வொர்த் சேகர்

அதுக்கு என்கிட்ட நல்ல பதில் இல்லை. வேற ஒண்ணு: போன்ல சண்டை அடங்கினதும் பழைய `password` கட்டத்தை `DROP COLUMN` பண்ணிடுங்க. ஹோஸ்டிங் தானா எடுத்து வெச்சிருக்கிற பழைய பேக்கப், உங்க லேப்டாப்ல இருக்கிற `.sql`, கிராணியோட எக்செல், மூணுலயும் அந்த 640 பாஸ்வர்ட் இன்னும் படிக்கிற மாதிரியே இருக்கு. லாகின் பக்கத்துல பழைய ஆள் `$_POST`ஐ லாக் ஃபைல்ல எழுத விட்டிருக்காரான்னும் பாருங்க. 2019ல ஃபேஸ்புக்லயே கோடிக்கணக்கான பாஸ்வர்ட் உள்ளுக்குள்ள இருந்த லாக்ல அப்படியே கிடந்தது தெரிய வந்துச்சு.

சிப்புட் தினேஷ்

`debug.log`னு ஒண்ணு இருக்கு அண்ணே. 90 எம்பி. இப்பத்தான் திறக்கிறேன்.